வீட்டு உடற்பயிற்சிக் காணொளிக்குக் கீழே எதை எழுத வேண்டும்?

செயற்கைக் கால் அணிந்த ஒருவர் கைபேசியில் ‘செயற்கைக் கால் பயிற்சி’ என்று தட்டுகிறார். முதலில் வரும் காணொளியைத் திறக்கிறார். அதில் இரண்டு காலும் உள்ள ஓர் இளைஞர் துள்ளிக் குதிக்கிறார். காணொளியின் கீழே இருக்கும் விவரக்குறிப்பில் முப்பது நாற்பது சொற்கள் வரிசையாகக் கொட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ‘செயற்கைக் கால்’. பார்ப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக யாரோ போட்ட சொல் அது. கடைசியில் ஒரு வரி: “செய்வதற்கு முன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறவும்.”

இந்த விவரக்குறிப்பில் இரண்டு பிழைகள் உள்ளன. தனக்குப் பொருந்தாத ஒருவரை அது அழைத்து வந்துவிட்டது. அழைத்து வந்தபின் அவருக்குத் தேவையான எதையும் சொல்லவில்லை. தேடுசொல் என்பது ஓர் அழைப்பு. எந்தச் சொற்களால் ஆட்களை அழைக்கிறோமோ, அந்த ஆட்களுக்கான எச்சரிக்கையும் அதே விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். எச்சரிக்கையை எழுத முடியாவிட்டால் அந்தத் தேடுசொல்லையும் போடக்கூடாது.

வடக்கிலும் கிழக்கிலும் இது வெறும் எழுத்து விடயமல்ல. எறிகணைத் துண்டுகளை உடலில் சுமந்தபடி, கால் இழந்து, அல்லது பழைய முறிவு சரியாகப் பொருந்தாமல் வாழ்பவர்கள் இங்கே எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது பிரஷரும் சீனி வருத்தமும் சேர்ந்துவிட்டன. இயன்மருத்துவரிடம் போவதற்கு ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியவருக்கு, கைபேசியில் வரும் காணொளியே கிட்டிய வழியாக இருக்கிறது. ஊரிலோ புலம்பெயர்ந்த நாட்டிலோ இருந்து இப்படியான காணொளி போடுபவர்களுக்கும், அதைப் பார்த்துச் செய்பவர்களுக்கும் பயன்படுமாறு ஓர் எடுத்துக்காட்டை எடுத்து முழுமையாகப் பார்ப்போம்.

காணொளி

நீளம் 14 நிமிடம். ஒரு கதிரையும் ஒரு சுவரும் போதும். நான்கு அசைவுகள்: கதிரையில் இருந்து எழும்பி மீண்டும் இருத்தல், இருந்தபடி முழங்காலை நீட்டல், சுவரில் கைவைத்துச் செய்யும் தண்டால், கதிரை முதுகைப் பிடித்தபடி குதிக்காலை உயர்த்தல். ஒவ்வொன்றும் எட்டுத் தடவை. ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் எட்டுத் தடவை.

மக்கள் எப்படித் தேடுகிறார்கள்?

முழங்கால் வலிக்குத் தமிழ்நாட்டில் ‘மூட்டு வலி’ என்று தேடுபவர் அதிகம். இங்கே ‘முழங்கால் நோ’ என்பவர் பலர். அங்கே ‘இடுப்பு வலி’ என்றால் இங்கே ‘நாரி நோ’, ‘நாரிப்பிடிப்பு’. நீரிழிவு என்று சுவரொட்டியில் எழுதினாலும் வீட்டில் பேசுவது சீனி வருத்தம் என்றுதான். தமிழ் விசைப்பலகை இல்லாதவர்கள் mulangal vali exercise என்றோ chair exercise tamil என்றோ ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். எழுதப் பழக்கமில்லாத முதியவர்கள் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது பேச்சு மொழிச் சொல்லாகவே இருக்கும்.

இந்தச் சொற்களையெல்லாம் அடுக்கி வைப்பது உதவாது. விவரக்குறிப்பில் குறிச்சொற்களை அளவுக்கு மீறிக் குவிப்பதை யூரியூப் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. குறிச்சொல்லுக்கென உள்ள தனிப் பெட்டியும் தேடலில் சிறிய பங்கையே வகிக்கிறது என்று அதுவே சொல்கிறது. எழுத்துப் பிழையோடு தேடப்படும் சொற்களுக்கு அந்தப் பெட்டியைப் பயன்படுத்தலாம். முக்கியமான சொற்கள் தலைப்பிலும் முதல் வரிகளிலும் இயல்பான வாக்கியங்களாக வரட்டும். தலைப்புக்கு 100 எழுத்துருக்கள்தான் எல்லை. தமிழில் ‘கி’ போன்ற ஓர் எழுத்து கணினிக் கணக்கில் இரண்டாக எண்ணப்படுவதால் அந்த இடம் விரைவாக நிரம்பிவிடும்.

‘ஏழு நாளில் முழங்கால் நோ பறக்கும்’, ‘சீனி வருத்தத்தை விரட்டும்’ என்பவை தேடுசொற்கள் அல்ல, பொய் வாக்குறுதிகள். இப்பயிற்சி தொடைத் தசையை வலுப்படுத்தும். அதனால் எழும்பி இருப்பதும் நடப்பதும் இலகுவாகலாம். சொல்லக்கூடியது அவ்வளவே.

சுகாதாரக் குறிப்பில் இருக்க வேண்டியவை

‘வைத்தியரைக் கேளுங்கள்’ என்று மட்டும் எழுதினால் எல்லோருக்கும் சொன்னது போல இருக்கும், ஒருவருக்கும் உதவாது. யார் செய்யக்கூடாது, எப்போது நிறுத்த வேண்டும், பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரித்தால் வாசிப்பவர் தன்னை அதில் கண்டுகொள்வார்.

எறிகணைத் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். எடுப்பது கூடுதல் ஆபத்து என்று வைத்தியர்கள் கருதியதால் பல துண்டுகள் உள்ளேயே விடப்பட்டன. பெரும்பாலானவற்றைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து மூடியிருக்கும். துண்டு இருப்பதாலேயே ஒருவர் பயிற்சி செய்யக்கூடாது என்றில்லை. ஆனால் அது முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர், முதலில் பழைய எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் காட்டிக் கேட்க வேண்டும். செய்யத் தொடங்கியபின் அந்த இடத்தில் புதிதாக வீக்கம், சிவப்பு, கசிவு, விறைப்பு, வலுக்குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செயற்கைக் கால் அணிபவருக்கான குறிப்பு வேறு. பயிற்சி முடிந்ததும் காலைக் கழற்றி மொட்டைக் காலின் தோலைப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி போதும். பத்து நிமிடத்திலும் மறையாத சிவப்பு இருந்தால் கிண்ணம் சரியாகப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். கொப்புளமோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை அணியக்கூடாது. கால் செய்து தந்த நிலையத்தில் காட்டித் திருத்த வேண்டும். செயற்கைப் பாதம் விரலில் ஊன்றி எழும்பாது. ஆகவே குதிக்காலை உயர்த்தும் அசைவை அவர் விட்டுவிட வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

இன்சுலின் போடுபவருக்கும் சில வகைச் சீனிக் குளிசை எடுப்பவருக்கும் பயிற்சியின்போது சீனி இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். வெறும் வயிற்றில் செய்யாமல், சீனி கரைத்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கி முக்கக்கூடாது. எழும்பும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

சத்தமும் படுக்கும் நிலையும்

மற்ற நாட்டுக் காணொளிகளின் குறிப்புகளில் அனேகமாக இல்லாத ஒன்று எமக்குத் தேவை. நேரம் முடிந்ததை அறிவிக்கும் கூரிய விசில், இடையில் வெடிக்கும் இசை, குப்புறப் படுக்கச் சொல்லும் கட்டளைக் குரல் ஆகியவை பங்கருக்குள் கிடந்த நாள்களைச் சிலருக்குத் திரும்பக் கொண்டுவரும். பயிற்சியால் நெஞ்சு வேகமாக அடிப்பதையே உடல் பயமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. காணொளியில் என்ன சத்தம் வரும், எங்கே படுக்க வேண்டும், கண்ணை மூட வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டால், பார்ப்பவர் தானே முடிவெடுக்கலாம்.

முழு விவரக்குறிப்பு

தலைப்பு: கதிரையில் செய்யும் வீட்டு உடற்பயிற்சி, 14 நிமிடம், முழங்கால் நோ உள்ளவர்களுக்கு

> ஒரு கதிரையும் சுவரும் போதும். முழங்கால் நோ, நாரி நோ உள்ளவர்கள் மெதுவாகச் செய்யலாம். நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தவும்.
>
> முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால் அணிந்து, தடியில்லாமல் நடப்பவர்களும் முதல் மூன்று அசைவுகளைச் செய்யலாம்.
>
> முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டியவர்கள்: நெஞ்சு நோ அல்லது இருதய வருத்தம் உள்ளவர்கள், அடிக்கடி மயங்கி விழுபவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்கள், முள்ளந்தண்டு அல்லது பெரிய இரத்தக் குழாய் அருகே எறிகணைத் துண்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகள்.
>
> கதிரையைச் சுவரோடு ஒட்டி வைக்கவும். வெடித்த பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். செய்யும்போது ஒரு வசனத்தைப் பேசி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவும்.
>
> ஆறியும் போகாத நெஞ்சு நோ இருந்தால் இலங்கையில் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கவும்.
>
> மறுநாள் தசை உளைவது வழமை. மூட்டு வீங்கினால், பழைய காயத்தில் புதிய நோ வந்தால் தொடர வேண்டாம். செயற்கைக் கால் அணிபவர்கள் முடிந்ததும் தோலைப் பார்க்கவும்.
>
> விசில், திடீர்ச் சத்தம் இல்லை. நிலத்தில் படுக்கவோ கண்ணை மூடவோ தேவையில்லை.
>
> 00:00 தொடங்குமுன் கவனிக்க
> 01:30 உடலைச் சூடாக்கல்
> 04:00 கதிரையில் இருந்து எழும்பல்
> 06:30 முழங்கால் நீட்டல்
> 08:30 சுவர்த் தண்டால்
> 10:30 குதிக்கால் உயர்த்தல்
> 12:30 தளர்த்தல்

நேரக் குறிப்புகள் 00:00 இல் தொடங்கி, வரிசையாகக் குறைந்தது மூன்றாவது இருந்தால், யூரியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு அசைவின் பெயரும் அதில் வருவதால், தேடி வருபவர் தனக்கு வேண்டிய அசைவை உடனே கண்டுகொள்வார். குதிக்கால் அசைவை விட வேண்டியவரும் 12:30 ஐத் தொட்டு அதைக் கடந்து போகலாம்.

கைபேசியில் விவரக்குறிப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும். மீதியை அழுத்தித் திறக்க வேண்டும். நிறுத்த வேண்டிய அறிகுறியை முதல் வரிகளிலேயே வைத்ததற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு வழியிலும் குறிப்பு தொலைந்து போகும். எங்கள் ஊர்களில் காணொளிகள் வாட்ஸ்அப்பில் கோப்பாகவே கை மாறுகின்றன. கோப்பு போகும், கீழே எழுதியது போகாது. அக்காவின் கைபேசியில் இருந்து அம்மாவின் கைபேசிக்கு வந்த காணொளியில் ஒரு வரி எச்சரிக்கையும் இருக்காது. ஆகவே எழுதிய குறிப்பின் சுருக்கத்தைக் காணொளியின் முதல் ஒன்றரை நிமிடத்தில் வாயாலும் சொல்ல வேண்டும், திரையிலும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். மேலே 00:00 முதல் 01:30 வரை ஒதுக்கியிருப்பது அதற்காகவே. அந்தப் பகுதியை வெட்டாமல் அனுப்பும்படி அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.