நோயாளர் கல்வி: இளநிலைச் செவிலிய ஆய்வுத் தலைப்புத் தேர்வு

சிறு சமூக மருத்துவமனையில் பி.எஸ்சி. நர்சிங் மாணவரின் ஆய்வுத் தலைப்பை அங்கு வரும் நோயாளர் எண்ணிக்கையும் கையிலுள்ள வாரங்களுமே முடிவுசெய்கின்றன. ‘நீரிழிவு விழிப்புணர்வு’ மிகவும் விரிந்த தலைப்பு. ‘இன்சுலினைத் தாமே போட்டுக்கொள்வோர் ஊசியிடத்தை மாற்றும் பழக்கம்’ என்றால் கைக்குள் அடங்கும். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலடிக் கொழுப்பு தடித்து, மருந்து சீராக உறிஞ்சப்படாது. மாணவர் செய்துகாட்டி, நோயாளரைத் திரும்பச் செய்யச்சொல்லலாம். கற்பிக்கும் முன்பும் 4 வாரம் கழித்தும் நோயாளரின் செய்முறையைச் சரிபார்ப்புப் பட்டியலில் குறிக்கலாம். வினாத்தாள் மட்டும் போதாது. விடை தெரிந்தவரும் பழைய இடத்திலேயே குத்துவதுண்டு. எச்பிஏ1சி சுமார் 3 மாதச் சராசரியைக் காட்டுவதால் இக்குறுகிய ஆய்வுக்கு அளவுகோலாகாது. ஒப்பீட்டுக் குழு இல்லையெனில், மாற்றம் முழுவதும் கற்பித்தலால் வந்ததென எழுதக் கூடாது.