பக்கத்து ஹாலில் இருந்து வந்த பணம்

எங்க வல்லத்திராக்கோட்டை பக்கம் வீட்டுப் பெருசுக்குக் கண்ணுல புரை விழுந்துடுச்சுன்னா, "எப்ப மதுரைக்குப் போறீங்க?"ன்னுதான் கேப்பாங்க. புதுக்கோட்டையில ஆஸ்பத்திரி இல்லாம இல்லை. ஆனாலும் நூறு கிலோமீட்டர் தாண்டி மதுரை அரவிந்துக்குத்தான் போவாங்க. கேம்ப் போட்டா பஸ்சிலேயே கூட்டிட்டுப் போய், சோறு போட்டு, ஆபரேஷன் பண்ணி, திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்க. காசு கிடையாது.

இதுக்கெல்லாம் யாரு பணம் குடுக்குறா? டீக்கடையில கேட்டா "எல்லாம் ஃபாரின் பணம்பா"ன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. அது பெரும்பாலும் தப்பு. அதே மதுரையில பக்கத்துக் கட்டடத்துல காசு கட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பணம்தான் அது. நன்கொடையை நம்பாம ஒரு சேவை நிறுவனம் எப்படி ஓட முடியும்கறதுக்கு இதைவிட நல்ல சரித்திரம் நம்ம ஊர்ல எனக்குத் தெரியலை. கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

1976. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு வயசு 58. மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்து ரிட்டையர் ஆகிறார். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன மனிதர். அந்தக் கையோடு ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்தவர். சொந்தமாக ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்க நினைத்தார். பேங்க்காரங்க கடன் தரலை. வீட்டை அடமானம் வைத்து, குடும்பத்து நகைகளையும் வைத்து, 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். கண் டாக்டரான தங்கை நாச்சியாரும், அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கூடச் சேர்ந்தார்கள்.

அந்த 11 படுக்கையிலேயே சிலது காசு கட்டுறவங்களுக்கு, மீதி இல்லாதவங்களுக்கு. முதல்ல சம்பாதிச்சு அப்புறம் தர்மம் பண்ணலாம்னு தள்ளிப் போடலை. முதல்ல நன்கொடை திரட்டி அப்புறம் வருமானத்துக்கு வழி பார்ப்போம்னும் நினைக்கலை. ரெண்டும் முதல் நாளிலிருந்தே ஒண்ணா ஓடியது. அடுத்தடுத்த மாடிகள் எழும்பினது அந்த வருமானத்தில்தான்.

இங்கே ஒரு இயல்பான சந்தேகம் வரும். இலவசமாவே கிடைக்கும்போது எவன் காசு கட்டுவான்? வருமானச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்துன்னு எதுவும் கேட்கிறதில்லை. எந்தப் பக்கம் போறதுன்னு நோயாளியே முடிவு பண்ணிக்கலாம். சூட்சுமம் எங்கேன்னா, இலவசப் பக்கத்தில் பொது ஹால், தரையில் பாய். காசு கட்டினா கட்டில், இன்னும் கொஞ்சம் கட்டினா தனி ரூம், ஏ.சி. டாக்டர்கள் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பாங்க. அதாவது விலை வெச்சது வசதிக்கு, வைத்தியத்துக்கு இல்லை. நாலு காசு இருக்கிறவர் தானாவே கட்டில் பக்கம் போயிடுவார். ஒருத்தர் ரெண்டு பேர் ஏமாத்தினாத்தான் என்ன, அவங்களைப் பிடிக்க ஆள் வெச்சா அந்தச் சம்பளம்தான் அதிகம் :)

இப்போ கணக்குக்கு வருவோம். இது நானா எடுத்துக்கிட்ட கற்பனை எண்கள், அரவிந்தின் கணக்கு இல்லை. மாசாமாசம் கட்டாயச் செலவு (சம்பளம், கட்டடம், கருவிகள்) 10 லட்சம். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மருந்து, தையல்னு தனியா ஆகிறது 1,000 ரூபாய். காசு கட்டுறவர் தருவது 5,000. அவர்கிட்ட 4,000 மிஞ்சும். 250 பேர் வந்தால் 10 லட்சம் வந்துடும், ஆஸ்பத்திரி யார்கிட்டயும் கையேந்த வேண்டாம். 251-வது ஆளிலிருந்து ஒவ்வொருத்தரும் நாலு பேரோட இலவச ஆபரேஷனைத் தாங்குவார். 400 பேர் வந்தால் மிச்சம் 6 லட்சம், அதில் 600 பேருக்கு இலவசம்.

கவனிங்க, கட்டாயச் செலவு ஏறாமல் இத்தனை பேருக்குச் செய்ய முடிஞ்சாத்தான் இது பலிக்கும். ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை, ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததுல நோயாளி தயார். கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்ய வேண்டாத வேலையெல்லாம் அவங்க கையில். அரவிந்தின் அந்தப் புகழ்பெற்ற வேகம் இதுக்காகத்தான். டாக்டரோட நேரம்தான் அங்கே விலை கூடின சரக்கு.

1980-களில் இந்தக் கணக்குக்கு ஆபத்து வந்தது. உள்விழி லென்ஸ். அதுக்கு முன்னாடி புரையை எடுத்துட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவாங்க. கண்ணாடி உடைஞ்சா மறுபடி குருடுதான். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற முறை வந்ததும் காசு கட்டுறவங்களுக்கு அது கிடைச்சது. ஏழைக்கு? இறக்குமதி லென்ஸ் 100 டாலர் அளவில், தொண்ணூறுகளின் தொடக்க மதிப்பில் 3,000 ரூபாய் பக்கம். என் கணக்கில் போட்டுப் பாருங்க. காசு கட்டுறவர் லென்ஸுக்குத் தனியா கட்டிடுவார்னு வெச்சுக்கிட்டாலும், இலவச ஆபரேஷன் 1,000-லிருந்து 4,000 ஆகும். அதே 6 லட்சத்தில் 600 பேர் இல்லை, 150 பேர்தான். இல்லாட்டி ஏழைக்கு மட்டும் பழைய சோடாபுட்டி. அப்படின்னா 'விலை வசதிக்கு மட்டும்'கிற அஸ்திவாரமே போச்சு.

வெளிநாட்டு லென்ஸ்கள் தானமா வந்தன. ஆனா தானம் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? லென்ஸ் இல்லாத மாசம் யாருக்கு இல்லைன்னு சொல்றது? அதனால 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்கிற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தொழில்நுட்பம், சேவா ஃபவுண்டேஷனின் டேவிட் கிரீன் போன்றவர்களின் உதவி. இதுக்கு வெளி நிதியும் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனா அந்தப் பணம் லென்ஸ் வாங்கிக் கொடுக்கிறதுல கரையலை. லென்ஸ் செய்யக் கத்துக்கிறதுக்கு ஒரு தடவை போச்சு, அவ்வளவுதான். லென்ஸ் 10 டாலருக்கு வந்தது, சுமார் 300 ரூபாய். இப்போ என் 6 லட்சத்தில் 460 பேருக்கு இலவசம், எல்லாருக்கும் லென்ஸோடு. விலை பிறகு இன்னும் இறங்கியது. அரோலேப் லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. அது தனியா ஒரு வருமானம்.

அரசாங்கத்தின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு இலவச ஆபரேஷனுக்கும் ஒரு தொகை உண்டு. பல தொண்டு ஆஸ்பத்திரிகள் இதை மட்டுமே நம்பி இருக்கு. பணம் தாமதமானா கேம்ப் நிக்கும். காசு கட்டுறவங்க வரவு ஏற்கனவே ஆஸ்பத்திரியைத் தாங்கினா, அந்தத் தொகை வந்தா லாபம், வராட்டியும் கதவு திறந்திருக்கும். கேம்ப் செலவிலும் இதே மாதிரி ஒரு பிரிவினை: பந்தல், விளம்பரம் எல்லாம் உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி, கோயில் கமிட்டிக்காரங்க பொறுப்பு, வைத்தியம் ஆஸ்பத்திரி பொறுப்பு. ஆனா ஆபரேஷன் இலவசம்னு சொல்லியும் முதல்ல ஆள் வரலை. மதுரைக்கு பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும்தான் தடைன்னு விசாரிச்சப்ப தெரிஞ்சது. அதையும் ஏத்துக்கிட்ட பிறகுதான் கூட்டம் கூடியது.

ஒரு உறுத்தல் இருக்கு. இன்றைக்குக் காசு கட்டுறவங்களில் பலருக்கு பேக்கோ மெஷின் ஆபரேஷனும் மடங்குகிற லென்ஸும். இலவசப் பக்கத்தில் பெரும்பாலும் கையால் செய்கிற சிறு கீறல் முறை. பார்வையில் பலன் ஏறக்குறைய ஒண்ணுதான்னு ஆய்வுகள் சொல்லுது, அதை நான் நம்பறேன். இருந்தாலும் இந்தக் கோட்டைத்தான் கண்காணிக்கணும். இலவசப் பக்கத்தின் தொற்று விகிதம், திரும்ப ஆபரேஷன் செய்தவர் எண்ணிக்கை ரெண்டும் மற்றப் பக்கத்திலிருந்து விலக ஆரம்பிச்சா, மாடல் பழுதாகுதுன்னு அர்த்தம். லாப நஷ்டக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். அவருக்கு அப்புறமும் கணக்கு ஓடுது. ஆனா இது புரைக்கு நல்லா பொருந்தின சட்டை. ஒரு தடவை செலவு, பத்து நிமிஷ வேலை, அத்தோட முடிஞ்சது. கண் அழுத்த நோய்க்கு ஆயுசுக்கும் தினம் சொட்டு மருந்து வேணும். சர்க்கரையால் விழித்திரை கெட்டா திரும்பத் திரும்ப ஊசி. அங்கே ஆளுக்கு ஆகிற செலவு 1,000-லயே நிக்காது, வருஷா வருஷம் கூடும். ஒரு கட்டில்காரர் நாலு பாய்க்காரரைத் தாங்குறது அங்கே கஷ்டம்.