240,000 ரிங்கிட் எத்தனை நாள் தாங்கும்? சேமநிதிப் பணமும் கடன் தவணையும் ஒரே கணக்குத்தான்

கோத்தா திங்கி – பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெறவிருக்கும் ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, இபிஎஃப்-ல ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் வெள்ளி வரும். மாசம் ரெண்டாயிரம் எடுத்தா பத்து வருஷம்தானே தாங்கும்?" பக்கத்தில் இருந்தவரோ, "அசலைத் தொடாம வட்டியை மட்டும் எடுத்தா சாகுற வரைக்கும் வரும்" என்றார்.

இருவர் சொன்னதிலும் பாதி சரி. நிதிப் பாடத்தில் மாணவர்களைத் திணறடிக்கும் மூன்று கேள்விகள் இந்த ஒரு பேச்சுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு தொகையைத் தவணை தவணையாக எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? என்றைக்குமே தீராமல் எடுக்க எவ்வளவு வேண்டும்? கடன் வாங்கினால் அது மாதாமாதம் எப்படிக் குறைகிறது?

240,000 என்பது ஐயா சும்மா சொன்ன எண் அல்ல. ஊழியர் சேமநிதி வாரியம் 2019 ஜனவரி முதல் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பு இலக்காக நிர்ணயித்த தொகை அது. 55 வயது முதல் 75 வயது வரை மாதம் 1,000 ரிங்கிட், அதாவது 240 மாதங்கள். 240-ஐ 1,000-ஆல் பெருக்கினால் 240,000. இந்தப் பெருக்கலில் இலாப ஈவுக்கு இடமே இல்லை. பணத்தைப் பானைக்குள் வைத்து எடுப்பதுபோன்ற கணக்கு அது. ஐயா போட்ட பத்து வருஷக் கணக்கும் அதே வகைதான்.

உண்மையில் சேமநிதியில் மீதி இருக்கும் பணம் சும்மா கிடப்பதில்லை. 55 வயதானவுடன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம், மாதாமாதமும் எடுக்கலாம், மீதிக்கு இலாப ஈவு தொடர்ந்து வரும். வழக்கமான சேமிப்புக்கு 2023-இல் 5.50 விழுக்காடும் 2024-இல் 6.30 விழுக்காடும் அறிவிக்கப்பட்டன. சட்டப்படி உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்சம் 2.5 விழுக்காடு. கணக்கு எளிதாக இருக்க ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பக்கத்து மேசைக்காரர் சொன்னதைப் பார்ப்போம், அதுதான் சுலபம். 240,000-க்கு 5 விழுக்காடு ஆண்டுக்கு 12,000 ரிங்கிட். 12-ஆல் வகுத்தால் மாதம் சரியாக 1,000. மாதம் அந்த 1,000-ஐ மட்டும் எடுத்தால் அசல் 240,000 அப்படியே நிற்கும். பத்தாண்டு கழித்தும் நிற்கும், முப்பதாண்டு கழித்தும் நிற்கும். இதைத்தான் ஆங்கிலத்தில் பெர்பெச்சுவிட்டி என்கிறார்கள். நாம் முடிவிலாத் தொடர் எனலாம். கணக்கு ஒரே வகுத்தல்தான்: ஆண்டுக்கு வேண்டிய தொகையை வட்டி விகிதத்தால் வகுத்தால் தேவையான அசல் வந்துவிடும். 12,000-ஐ 0.05-ஆல் வகுத்தால் 240,000.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. முப்பதாண்டு கழித்து வரும் 1,000 ரிங்கிட்டும் இன்றைய 1,000 ரிங்கிட்டும் சந்தையில் ஒரே அளவு மீனை வாங்காது. விலைவாசி ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறுகிறது என்றால், எடுக்கும் தொகையும் ஆண்டுதோறும் 2 விழுக்காடு ஏற வேண்டும். அதற்கு 5-இலிருந்து 2-ஐக் கழித்து, மிஞ்சும் 3 விழுக்காட்டை மட்டுமே தொடக்கத்தில் எடுக்க வேண்டும். அது மாதம் ஏறத்தாழ 600 ரிங்கிட். இலாப ஈவு குறைந்தபட்சமான 2.5 விழுக்காட்டுக்கு இறங்கினால், விலைவாசியை விட்டுவிட்டாலும் அசலைத் தொடாமல் எடுக்க முடிவது மாதம் 500 ரிங்கிட்தான்.

இப்போது ஐயாவின் கேள்வி. மாதம் 2,000 எடுத்தால் அது 1,000 ரிங்கிட் ஈவைத் தாண்டிவிடுகிறது, அதனால் அசல் கரையும். ஆனால் பத்தாண்டில் அல்ல. முதல் மாதம் 1,000 ரிங்கிட் ஈவு சேர்கிறது, 2,000 வெளியே போகிறது, ஆக அசலில் குறைவது 1,000 மட்டும். அடுத்த மாதம் ஈவு கொஞ்சம் குறையும், அசலில் கைவைப்பது கொஞ்சம் கூடும். இப்படியே போனால் 167-ஆவது மாதத்தில் பணம் தீரும். கிட்டத்தட்ட 14 ஆண்டுகள், ஐயாவுக்கு 69 வயது நெருங்கும்போது. அதே பணத்தை மொத்தமாக எடுத்து, ஒன்றும் ஈட்டாத இடத்தில் வைத்து மாதம் 2,000 செலவழித்தால் 65 வயதில் கை காலி. இடையில் கிடைக்கும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் மீதிப் பணம் ஈட்டித் தந்தவை.

75 வயது வரை, 240 மாதங்களும் ஒரே அளவாக எடுத்து, கடைசி மாதத்தில் சரியாகத் தீர வேண்டுமானால் எவ்வளவு எடுக்கலாம்? இதுதான் அனுவிட்டி, அதாவது சம தவணைத் தொடர். விடை மாதம் 1,583.89 ரிங்கிட். இதற்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், கைப்பேசியில் உள்ள விரிதாளே போட்டுத் தரும்:

```
=PMT(0.05/12,240,-240000)
=NPER(0.05/12,2000,-240000)
```

முதல் வரி மாதத் தொகையைத் தரும். இரண்டாவது, மாதம் 2,000 எடுத்தால் எத்தனை மாதம் என்று சொல்லும். புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். மாதக் கணக்குக்கு ஆண்டு வட்டியை அப்படியே போட்டுவிடுவார்கள். 12-ஆல் வகுக்க மறந்தால் PMT விடை 12,000-ஐத் தாண்டும், அதைப் பார்த்தவுடனே சந்தேகம் வர வேண்டும். இன்னொன்று, இந்த விடை மாதக் கடைசியில் எடுப்பதற்கானது. மாதத் தொடக்கத்திலேயே எடுத்தால் 1,577.32-தான் வரும். மேலும் சேமநிதியின் ஈவு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரவு வைக்கப்படுகிறது, விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே இதைத் திட்டமிடும் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள், வாக்குறுதியாக அல்ல.

இனி மேசையைத் திருப்பிப் போடுவோம். ஐயாவின் மகன் வங்கியில் 240,000 ரிங்கிட் வீட்டுக்கடன் வாங்குகிறார், 5 விழுக்காடு, 20 ஆண்டு. மாதத் தவணை எவ்வளவு? அதே 1,583.89 ரிங்கிட்தான். சேமநிதியில் பணம் போட்டவர் ஐயா, கடனில் பணம் போட்டது வங்கி. ஐயாவின் மீதி எப்படிக் கரைகிறதோ, அச்சு அசலாக அப்படியே மகனின் கடன் கரையும். அதை மாதம் மாதமாக எழுதிவைத்தால் அதுதான் அமோர்டைசேஷன் அட்டவணை, நம் பேச்சில் கடன் அடையும் அட்டவணை.

| மாதம் | தவணை | வட்டி | அசலில் கழிவது | மீதி |
|---|---|---|---|---|
| 1 | 1,583.89 | 1,000.00 | 583.89 | 239,416.11 |
| 2 | 1,583.89 | 997.57 | 586.32 | 238,829.79 |
| 3 | 1,583.89 | 995.12 | 588.77 | 238,241.02 |

ஒவ்வொரு வரியும் முந்தைய மீதியில் தொடங்குகிறது. மீதியை 0.05-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி. தவணையில் வட்டி போக மிஞ்சுவதுதான் அசலைக் குறைக்கிறது. முதல் மாதம் கட்டிய 1,583 ரிங்கிட்டில் 1,000 வட்டிக்கே போய்விட்டது என்பதைப் பாருங்கள். பத்தாண்டு, 120 தவணை கட்டி முடித்த பிறகும் மீதி சுமார் 149,300 ரிங்கிட் நிற்கும். "பாதிக் காலம் கட்டிவிட்டேன், பாதிக் கடன் முடிந்திருக்குமே" என்று வங்கிக் கடிதத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் உண்டு. வங்கி ஏமாற்றவில்லை, அட்டவணையின் இயல்பே அது. கடன் பாதியாவது 149-ஆவது தவணையில், அதாவது 12 ஆண்டு 5 மாதத்தில். மொத்தம் கட்டுவது சுமார் 380,100 ரிங்கிட், அதில் வட்டி மட்டும் 140,100.

இதே காரணத்தால்தான் தொடக்கத்தில் கட்டும் கூடுதல் பணத்துக்கு வலிமை அதிகம். மகன் முதல் மாதத்திலிருந்து 100 ரிங்கிட் கூடுதலாகக் கட்டினால் கடன் 217-ஆவது மாதத்தில் முடியும். 23 மாதங்கள் மிச்சம், வட்டியில் சுமார் 15,000 ரிங்கிட் மிச்சம். ஆனால் சில கடன்களில் கூடுதல் பணத்தை அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுவார்கள், அப்போது வட்டி குறையாது. அசலில் கழிக்கச் சொல்லி வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கார்க் கடனுக்கு இந்த அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் வெளிச்சமாகும். நம் நாட்டில் கார்க் கடன் வட்டியை நீண்டகாலமாக நிலையான விகிதத்தில்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். 40,000 ரிங்கிட், 3 விழுக்காடு, 7 ஆண்டு என்றால் வட்டி 40,000 × 0.03 × 7, அதாவது 8,400. மொத்தம் 48,400-ஐ 84 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 576.19. வீட்டுக்கடனுக்கு 5, காருக்கு 3, ஆகவே கார்க் கடன் மலிவு என்று தோன்றும். அப்படியில்லை. முதல் தவணை கட்டியதுமே அசல் 40,000-க்குக் கீழே போய்விட்டது, ஆனால் வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 40,000-க்கே கணக்கிடப்படுகிறது. குறையும் மீதிக்கு வட்டி போடும் நம் அட்டவணையில் இதே 576.19 தவணையை வைத்தால், விகிதம் ஏறத்தாழ 5.6 விழுக்காடாக இருந்தால்தான் 84-ஆவது மாதத்தில் கடன் தீரும். விற்பனையாளரிடம் எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்காமல், அது நிலையான விகிதமா, குறையும் மீதிக்கான விகிதமா என்று கேளுங்கள்.

அட்டவணையை நீங்களே போட்டுப் பார்க்க விரும்பினால் மூன்று வரிகளைக் கையால் எழுதி, மீதியை விரிதாளில் கீழே இழுத்துவிடலாம். 240-ஆவது வரியில் வட்டி 6.57 ரிங்கிட், அசல் 1,577.32, மீதி பூஜ்யம் என்று வர வேண்டும். சில சென் பிசகினால் அது முழுமையாக்கியதன் வேலை. நூற்றுக்கணக்கில் மீதி நின்றால், வட்டியை 12-ஆல் வகுத்தீர்களா, மாதங்களைச் சரியாக எண்ணினீர்களா என்று முதல் வரிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.