படிக்கோட்டில் எதை ஒப்பிடுவது?

கடுமையான இரத்தப் புற்றுநோய் தணிந்த நிலையில் இருந்த நோயாளிகளிடம் 6-மெர்காப்டோபியூரின் மருந்தைச் சோதித்த ஆய்வை ஃப்ரைரைக்கும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டனர். 21 பேர் மருந்தையும் 21 பேர் போலி மருந்தையும் பெற்றனர். நோய் திரும்பும்வரை கழிந்த வாரங்களே அளவு. இரு குழுக்களின் படிக்கோடுகளை ஒப்பிடும்போது அவற்றின் உயரத்தைவிட, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் எஞ்சியிருந்தனர் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

மருந்துக் குழுவில் 9 பேருக்கு மட்டுமே நோய் திரும்பியது. ஆகவே 12 பேர், அதாவது 57 சதவீதத்தினர், தப்பினர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த 12 பேரில் 7 பேரின் கண்காணிப்பு 23-ஆம் வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அதன்பின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது தரவில் இல்லை. கப்லான்–மேயர் முறை இவர்களை விட்டுவிடுவதில்லை. கண்காணிப்பில் இருந்தவரை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு பிறகு விலக்குகிறது. 7-ஆம் வாரத்தில் எஞ்சியோர் 17 பேர். ஒருவருக்கு நோய் திரும்பியதும் கோடு 0.857-இலிருந்து 0.807-க்கு இறங்குகிறது. 22-ஆம் வாரத்தில் எஞ்சியோர் 7 பேர்தான். அங்கும் ஒருவருக்கே நோய் திரும்பினாலும் கோடு 0.627-இலிருந்து 0.538-க்கு விழுகிறது. 23-ஆம் வார முடிவில் கிடைப்பது 45 சதவீதம். எனவே வலப்பக்கப் படிகளின் ஆழம் நோயின் வேகத்தை மட்டுமல்ல, ஆள் குறைவையும் காட்டுகிறது.

லாக்-ராங்க் சோதனை இதைக் கணக்கில் கொள்கிறது. முதல் வாரத்தில் இரு பக்கமும் 21 பேர். நோய் திரும்பிய இருவரும் போலி மருந்துக் குழுவினர். மருந்தால் வேறுபாடே இல்லையெனில் பக்கத்துக்கு ஒருவர் என எதிர்பார்ப்போம். 6-ஆம் வாரத்தில் மருந்துப் பக்கம் 21 பேர், மறுபக்கம் 12 பேர். அங்கே நோய் திரும்பிய மூவரும் மருந்துக் குழுவினர், எதிர்பார்ப்போ 1.91. இந்தப் படி மருந்துக்கு எதிரானதே. ஆனால் எல்லா வாரங்களையும் கூட்டினால், மருந்துக் குழுவில் எதிர்பார்த்தது 19.25, நேர்ந்தது 9. மறு குழுவில் எதிர்பார்த்தது 10.75, நேர்ந்தது 21. கை-வர்க்க மதிப்பு சுமார் 16.8. இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை.

இடைநிலைக் காலங்களான 23 வாரமும் 8 வாரமும் போதாதா என்று கேட்கலாம். நோயாளிக்குப் புரியவைக்க அவை உதவும். ஆனால் மருந்துக் குழுவின் 23 என்பது ஆறே பேர் எஞ்சிய படியில் கிடைத்த எண், ஆதலால் உறுதியற்றது. கோடுகள் குறுக்கிட்டால் லாக்-ராங்க் ஏமாற்றும் என்ற மறுப்பு வலுவானது. தொடக்கத்து நன்மையும் பிந்தைய தீமையும் கூட்டலில் ஒன்றையொன்று அழித்துவிடும். அப்போது ஒற்றை எண்ணை நம்பலாகாது. இந்த ஆய்வில் கோடுகள் குறுக்கிடவில்லை என்பதால் முடிவு நிற்கிறது. ஆனால் 23-ஆம் வாரத்துக்குப் பின் மருந்துக் கோடு சமதளமாக நீள்வதைக் குணம் என்று படிக்கக்கூடாது. அங்கே இருந்தவர்கள் ஐவர். 35-ஆம் வாரத்தில் ஒருவர் மட்டுமே. மருந்து நோய் திரும்புவதைத் தள்ளிப்போட்டது என்பதற்கு இந்தத் தரவு சான்று. நிரந்தரமாகத் தடுத்தது என்பதற்கு அன்று.