ஊர்ப் பெரியவருக்கு ஒரு கடிதம்: நம் மன்றத்தின் கதையில் ஒரு பக்கம்

நம் மன்றத்தின் வரலாற்றை விழா மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பட்டியல் வேறு பக்கத்தில் வருகிறது. கட்-அவுட் வைத்த கதையும் முதல் நாள் முதல் காட்சி பார்த்த கதையும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் கோப்பிலிருந்து ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் செயலாளர் தம் கைப்பட எழுதிய அந்தக் கடிதத்தால்தான் இந்த விழாவே நடக்கிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாம் சினிமா ரசிகர் மன்றமாகத்தான் தொடங்கினோம். 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. தெருவில் கேபிள் இணைப்பு இருந்த ஒன்றிரண்டு வீடுகளில் மன்றத்து ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தது ‘மர்மதேசம்’ வரிசையில் இரண்டாவதாக வந்த ‘விடாது கருப்பு’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகாவின் இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜனின் கதை. வாரத்துக்கு ஒரு பகுதிதான் வரும் என்பதால், நடுவில் உள்ள நாட்களெல்லாம் ‘தண்டிப்பது சாமியா, மனுஷனா’ என்று டீக்கடையில் வாதம் நடக்கும். மன்றம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது அந்த ஒரு முறைதான்.

2024 நவம்பர் 10-இல் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தார். பாலசந்தர் பத்தாண்டுக்கு முன்பே போய்விட்டார். ‘ஒரு நாள் விழா எடுக்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டது போதும் என்று செயற்குழு முடிவெடுத்தது. யாரை அழைப்பது? முக்கிய வேடங்களில் நடித்தவர்களைச் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் இன்றும் பார்க்கிறோம்; அவர்களுக்கு மேடைகள் உண்டு. ஊர்க்கூட்டத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்ற பெரியவர்களை யாரும் அழைத்ததில்லை. அந்த முகங்கள் இல்லாவிட்டால் அந்த ஊரை நாம் நம்பியிருக்கவே மாட்டோம். அவர்களில் ஒருவரை அழைப்பது என்று தீர்மானமானது. (அவர் கேட்டுக்கொண்டதால் மலரில் பெயர் போடவில்லை. ஐயா என்றே எழுதுகிறேன்.)

முகம் தெரியும், பெயர் தெரியாது. பழைய தொடர்களின் டைட்டிலில் பெயர்கள் வரிசையாக ஓடும். யார் எந்த வேடம் என்று இருக்காது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பெயர்களை எழுதினோம். தெரிந்த முகங்களுக்குரிய பெயர்களை அடித்துக்கொண்டே வந்தோம். மீதியை எடுத்துக்கொண்டு செயலாளர் முதலில் சென்னையில் சின்னத்திரைக் கலைஞர்களிடம் விசாரித்தார், பிறகு மதுரையில் நாடக நடிகர்களிடம். மதுரையில்தான் விடை கிடைத்தது. ஐயா ஸ்பெஷல் நாடகக்காரர். மேடையில் ராஜபார்ட்டுக்கு எதிரே நின்று பாடியவர், வயதான பிறகு தொடர்களில் தலைகாட்டியிருக்கிறார்.

டைட்டிலில் பெயர் இருப்பது வெறும் மரியாதை சமாச்சாரம் இல்லை என்பதை இந்தத் தேடலில்தான் தெரிந்துகொண்டேன். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு படைப்பை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் அதில் நடித்தவர்களுக்கும் ராயல்டி உரிமை உண்டு என்று சேர்த்தார்கள். அதே சட்டம், படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிற, டைட்டிலில்கூடப் பெயர் இல்லாத ஒருவரை அந்த ராயல்டிக்குரிய நடிகராகக் கணக்கில் எடுப்பதில்லை. தன் நடிப்பைச் சிதைத்துக் காட்டினால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். ஐயா நடித்த காலத்தில் இந்தத் திருத்தமே கிடையாது. அன்றைய கால்ஷீட்டுக்குப் பேசிய பணத்தோடு கணக்கு முடிந்தது.

இனி கடிதத்துக்கு வருவோம். மன்றங்கள் எழுதும் அழைப்புகள் பெரும்பாலும் ‘கலையுலகின் கலங்கரை விளக்கமே’ என்று தொடங்கி ‘அவசியம் வருகை தர வேண்டும்’ என்று முடியும். எப்படி வருவது, எங்கே தங்குவது, மேடையில் எவ்வளவு நேரம், செலவு யாருடையது என்று ஒரு வரியும் இருக்காது. வயதான கலைஞர் அதைப் படித்துவிட்டு, பதில் போடாமல் மடித்து வைத்துவிடுவார். நம் செயலாளர் எழுதியது இது:

“மதிப்பிற்குரிய குணச்சித்திர நடிகர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். ‘விடாது கருப்பு’ தொடரில் ஊர்ப் பெரியவர்களில் ஒருவராக நீங்கள் நின்ற காட்சியின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறோம். அது நீங்கள்தானா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டுகிறோம். நீங்கள்தான் என்றால் எங்கள் விழாவுக்கு வர வேண்டும். மதுரையிலிருந்து பகலில் வைகை ரயிலில் விழுப்புரம் வரலாம்; அங்கிருந்து காரில் அழைத்து வருவோம். துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள், இருவர் செலவும் மன்றத்துடையது. தரைத்தளத்தில் அறை. மேடையில் பேச விருப்பம் இருந்தால் பேசுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்தால் போதும். சன்மானம் எவ்வளவு என்று தனித்தாளில் எழுதியிருக்கிறோம். விழா நவம்பர் 12. மறுநாள் காலை கருவடிக்குப்பம் போகலாம்.”

‘துணை நடிகர்’ என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கும்பலில் நிற்க ஏஜென்ட் அழைத்து வரும் ஆட்களைத்தான் படப்பிடிப்புத் தளத்தில் அப்படிச் சொல்வார்கள். வசனம் பேசி நடித்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

கடைசி வரிதான் வேலை செய்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ஆடிப் பிழைத்த நாடகக்காரர்கள் இன்றும் அந்த நாளில் அங்கே வந்து வணங்குகிறார்கள். உடம்பு ஒத்துழைக்காததால் பல வருஷமாக அது ஐயாவுக்கு நின்றுபோயிருந்தது. கடிதம் கிடைத்ததுமே தொலைபேசியில் கூப்பிட்டு, “தொடர் இருக்கட்டும் தம்பி. சுவாமிகள் சமாதிக்கு நிஜமாவே கூட்டிட்டுப் போவீங்களா?” என்றுதான் கேட்டாராம்.

விழாவில் தொடரின் ஒரு பகுதியைத் திரையிடுவதில் ஒரு சிக்கல் வந்தது. யூடியூபில் இருக்கிறது, போட்டுவிடலாம் என்றார்கள் இளைஞர்கள். வீட்டில் பார்ப்பது வேறு, அரங்கில் கூட்டம் சேர்த்துத் திரையிடுவது வேறு; அதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அந்த விண்ணப்பம் இன்னொரு கடிதமாகப் போயிருக்கிறது. சம்மதம் வராவிட்டால் நிழற்படங்களை மட்டும் காட்டுவது என்று தீர்மானம்.

பழைய தொடர்களையும் அவற்றில் நடித்தவர்களையும் மறக்காமல் காக்கும் வேலையை ரசிகர்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்வதில்லை. இங்கிலாந்தில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய நாடாக்கள் பலவற்றை பி.பி.சி. அழித்துவிட்டது. படம் போன பகுதிகளுக்குக்கூட ஒலி மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது என்றால், ஒளிபரப்பான அன்றே வீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்கள்தான் காரணம். அங்கே 1976-இல் ரசிகர் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் நடிகர்களை அழைத்து மாநாடும் நடத்தினார்கள். நம்மிடம் நாடா இல்லை. முகத்தை அடையாளம் காட்டக்கூடிய மனிதர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

ஐயாவுக்குப் படங்களை அனுப்பியபோது அவர் தம்மோடு நின்ற மேலும் சிலரை அடையாளம் சொன்னார். இவர் பபூன், இவர் ஆர்மோனியம், இவர் பின்பாட்டு என்று மேடைத் தொழிலை வைத்துத்தான் அவர்களை அவருக்கு நினைவிருக்கிறது. தன் பெயர் வேண்டாம் என்றவர் அவர்கள் பெயர்களைக் கட்டாயம் போடச் சொன்னார். குடும்பத்தாரிடம் கேட்டு உறுதியானதும், பெயருக்கு நேரே வேடம், அதற்கு நேரே மேடைத் தொழில் என்று ஒரு பட்டியல் தயாரித்து மன்ற அலுவலகச் சுவரில் மாட்டப்போகிறோம். அதில் திருத்தம் தெரிந்தவர்கள் செயலாளரிடம் சொன்னால் உடனே மாற்றிவிடலாம்.