இரட்டை மொழிபெயர்ப்பு: ஒரு பழைய பயிற்சியின் வரலாறு

கி.பி. 1563ஆம் ஆண்டு லண்டன் நகரில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் எலிசபெத் அரசியார் வின்ட்ஸர் கோட்டையில் தங்கியிருந்தார். டிசம்பர் 10ஆம் நாள் அங்கே அமைச்சர் வில்லியம் செசிலின் அறையில் சிலர் உணவருந்தக் கூடினர். ஈட்டன் பள்ளி மாணாக்கர் சிலர் ஆசிரியரின் அடிக்கு அஞ்சி ஓடிப்போன செய்தி பேச்சில் வந்தது. அடித்துத்தான் கற்பிக்க வேண்டுமா என்ற வாதம் எழுந்தது. அவ்வவையில் அரசியாரின் முன்னாள் ஆசிரியரான ரோஜர் ஆஸ்கமும் இருந்தார். அன்றைய பேச்சின் விளைவாக அவர் எழுதத் தொடங்கிய நூலே ‘பள்ளி ஆசான்’. 1568இல் அவர் இறந்த பின், அவருடைய மனைவியார் 1570இல் அதை அச்சேற்றினார்.

அந்நூலின் உயிர்நாடி ஒரே ஒரு பயிற்சி. சிறுவனுக்கு இலத்தீன் அறிஞர் சிசரோவின் கடிதமொன்றை ஆசிரியர் விளக்கிப் பாடம் சொல்கிறார். பின் சிறுவன் யாரும் எடுத்துக்கொடுக்க இயலாத இடத்தில் தனியே அமர்ந்து, அதை ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறான். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு இலத்தீன் நூலை அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறார். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, தன் ஆங்கிலத்தை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு, அவன் வேறொரு குறிப்பேட்டில் மீண்டும் இலத்தீனாக்குகிறான். இறுதியில் சிறுவனின் இலத்தீனும் சிசரோவின் இலத்தீனும் அருகருகே வைக்கப்படுகின்றன. தவறிய இடத்தில் ஆசிரியர் முகம் சுளிக்கலாகாது. ‘சிசரோ இங்கே இச்சொல்லை ஆண்டிருப்பார்’ என்று காட்டினால் போதும் என்கிறார் ஆஸ்கம். பிரம்பின் வேலையை ஒப்பீடு செய்துவிடுகிறது.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் மூலத்தின் சொற்கள் காதை விட்டு அகலுவதில்லை. சிறுவன் திரும்ப எழுதுவதில் பாதி மொழியறிவு, மறுபாதி நினைவு. ஆசிரியர் அருகிலிருக்கும் குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. தனித்துப் பயில்வோருக்கோ நினைவு பொய்ச்சான்று கூறிவிடும்.

இந்த இடைவெளியை நீட்டியவர் ஆசிரியர் அல்லர், பாஸ்டன் நகரில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகிய ஓர் இளைஞர். அவரே பின்னாளில் புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின். எழுத்துப்பிழையின்றி எழுதினாலும் நடையில் நயமில்லை என்று தந்தையார் சுட்டிக்காட்ட, ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் ஆங்கில இதழின் தொகுதியொன்றை அவர் வாங்கினார். அதிலுள்ள கட்டுரைகளின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கருத்துக்குறிப்பு மட்டும் எழுதிச் சில நாட்கள் ஒதுக்கி வைத்தார். பின் நூலைப் பாராமல் குறிப்பிலிருந்து கட்டுரையை மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டார். இது ஒரே மொழிக்குள் நடந்த பயிற்சிதான். ஆயினும், ‘சில நாட்கள்’ என்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. நினைவு விலகிய பிறகு கையில் மிஞ்சுவது எதுவோ, அதுவே நமக்குச் சொந்தமான மொழி. தம்மிடம் சொற்களின் சேமிப்பு போதாது என்பதை பிராங்க்ளின் இவ்வாறுதான் கண்டுகொண்டார்.

சரவணம்பட்டியில் மாலை வேளைகளில் என்னிடம் அரபு பயில வருவோர் பெரும்பாலும் பகலில் கணினி அலுவலகங்களில் பணிபுரிபவர்கள். வாரம் ஒரு நாள் வருவார்கள். மற்ற ஆறு நாட்களும் ஆசிரியரின்றித் தாமே பயில வேண்டியவர்கள். அவர்களுக்கு ஆஸ்கமின் முறையை பிராங்க்ளினின் இடைவெளியோடு சேர்த்துக் கொடுக்கிறேன். ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். இடைவெளி நான்கைந்து நாட்கள். பயிற்சிக்கென நானே எழுதிய பத்தியொன்றில் இவ்விரு வாக்கியங்கள் உள்ளன:

‘ரகிப அனில் மன்ஸிபி, வரகிப ஃபில் இல்மி. வலம் யஸல் யஸ்அலு அன் அகீஹி ஹத்தா லகியஹு ஃபிஸ்ஸூகி.’

மாணவர் ஒருவர் இதைத் தமிழில், ‘பதவியைப் புறக்கணித்துக் கல்வியை விரும்பினார். கடைத்தெருவில் சந்திக்கும்வரை தம் அண்ணனைப் பற்றி ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்தார்’ என்று எழுதினார். ஐந்து நாட்கள் கழித்து அத்தமிழிலிருந்து அவர் எழுதிய அரபு இது:

‘தரகல் மன்ஸிப, வஅஹப்பல் இல்ம. வகான யஸ்அலு அன் அகீஹில் அக்பரி ஹத்தா லகியஹு ஃபிஸ்ஸூகி.’

இதில் நஹ்வுப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் மூன்று செய்திகள் தெரிகின்றன. ‘ரகிப’ என்னும் ஒரே வினை ‘ஃபீ’யோடு சேர்ந்தால் விரும்பினார் என்றும், ‘அன்’னோடு சேர்ந்தால் வேண்டாமென விலகினார் என்றும் பொருள்படும். இதைப் படிக்கும்போது மாணவர் தடையின்றிப் புரிந்துகொண்டார். எழுதும்போது அது அவர் கைக்கு வரவில்லை. விட்டார், நேசித்தார் என்ற எளிய சொற்களில் ஒதுங்கிக்கொண்டார். இரண்டாவதாக, ‘லம் யஸல்’ என்பதிலுள்ள ஓயாமை ‘கான’ என்பதில் தளர்ந்துவிட்டது. தம் தமிழில் ‘ஓயாமல்’ என்ற சொல் கண்முன் இருந்தும் அதற்குரிய அரபு வாய்பாடு நினைவுக்கு எட்டவில்லை. படித்தறியும் மொழிக்கும் எழுதியாளும் மொழிக்கும் இடையேயுள்ள தூரம் இவ்விரு இடங்களிலும் வெளிப்படையாகிறது.

மூன்றாவது, ‘அக்பர்’. மூலத்தில் மூத்தவர் என்ற சொல்லே கிடையாது. தமிழில் அண்ணனா தம்பியா என்று சொல்லாமல் நம் நா அடங்குவதில்லை. ஆகவே அது முதல் பயணத்திலேயே நுழைந்துவிட்டது. ‘உடன்பிறந்தார்’ என்று எழுதியிருந்தால் நுழைந்திராது. ஒப்பிடும்போது, வேறுபாடு போகும் வழியில் நேர்ந்ததா, திரும்பும் வழியில் நேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். முன்னது மொழிபெயர்ப்பின் குறை; பின்னது அரபறிவின் குறை. இன்னொருவர் ‘பதவியிலிருந்து விலகி’ என்று தமிழாக்கியிருந்தார். ஐந்து நாள் கழித்து ‘இருந்து’ அவரை ‘மின்’ பக்கம் இழுக்க, ‘ரகிப மினல் மன்ஸிபி’ என்று எழுதினார். இது வெறும் நயக்குறைவு அன்று, பிழையே. தமிழ் வேற்றுமை அரபு ஹர்ஃபைத் தீர்மானித்துவிட்ட இடம் அது.

மதரஸாக்களில் சொல்லுக்குச் சொல் பொருள் கூறிக் கிதாபு ஓதும் வழக்கம் உண்டு. பாடம் விளங்க அது நல்ல வழி, இப்பயிற்சிக்கு ஆகாது. அரபின் வரிசையிலேயே தமிழை அடுக்கினால், திரும்பும்போது அத்தமிழே அரபை எடுத்துக்கொடுத்துவிடும். ஒப்பீட்டில் குறை ஏதும் தென்படாது. ஆனால் எதுவும் கற்றிருக்கவும் மாட்டோம். அரபறியாத வீட்டார் ஒருவரிடம் அத்தமிழைப் படித்துக்காட்டினால் தெரிந்துவிடும்: அவர் இடறாமல் கேட்டாரென்றால் அது தமிழ். மனனமான திருமறை வசனங்களும் இதற்கு ஏற்றவையல்ல. எத்தனை நாள் காத்திருந்தாலும் ஹாபிழின் நெஞ்சு மூலத்தையே தரும். படித்திராத, தெளிந்த உரைநடையே வேண்டும்.

மூலத்தோடு வேறுபட்டதெல்லாம் பிழையுமன்று. தம் வாக்கியம் சிற்சில சிறு இடங்களில் மூலத்தைவிட மேம்பட்டதாகத் தமக்குத் தோன்றியதுண்டு என்று பிராங்க்ளினே எழுதியிருக்கிறார். பிழை, தாழ்ந்தது, நிகரானது என்று மூவகைக் குறியிட்டு, ஐயமானவற்றை மட்டும் அகராதியிலோ ஆசிரியரிடமோ தீர்த்துக்கொள்வது போதும்.

திரும்ப எழுதிய பத்தி மூலத்தை ஒத்துவிட்டதாலேயே சொற்றொடர் நம்முடையதாகிவிட்டது என்று கொள்ள இயலாது. ஆஸ்கம் இதற்கும் வழி கண்டிருந்தார். ஜான் விட்னி என்னும் இளைஞருக்குக் கிறிஸ்துமஸுக்குப் பின் சிசரோவின் ‘நட்பு’ என்ற நூலைத் தொடங்கி, நாள்தோறும் இருமுறை மொழிபெயர்க்கச் செய்தார். ஆகஸ்ட் மாத வாக்கில், சிசரோவின் வேறொரு நூலிலிருந்து நட்பைப் பற்றிய பகுதியொன்றைத் தாமே ஆங்கிலமாக்கி அவரிடம் கொடுத்தார். பயின்ற சொற்களும் தொடர்களும் புதிய இடத்தில் தாமாக எழுகின்றனவா என்று பார்ப்பதே நோக்கம். ஏழாண்டு இலக்கணம் படித்தவர் சிலரும் அதில் பாதியளவு எழுத மாட்டார் என்கிறார் ஆஸ்கம். அவ்விளைஞர் அதன்பின் நெடுநாள் வாழவில்லை.

நம் மாணவருக்கும் அடுத்த மாதம் வேறொரு பத்தியைத் தமிழில் மட்டும் தரப்போகிறேன். அதில் ஒருவர் செல்வத்தை வேண்டாமென்று விலகுவார். மற்றொருவர் ஓயாமல் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.