கேபாவும் இராயப்பரும்: கொச்சியில் தொலைந்த ஒரு சிலேடை

களமசேரிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு சேட்டன் ஒரு கேள்வி கேட்டார். "நாங்க பத்ரோஸ்னு சொல்றவரை உங்க ஊர்ல இராயப்பர்னு சொல்றாங்களே, அது எப்படி சாரே? ஒரு எழுத்துகூட ஒத்து வரலையே?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தென்தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்த பெயர்கள்தான். ஏன் அப்படி என்று மட்டும் கேட்டுக்கொண்டதே இல்லை. பிறகு தேடிப் படித்ததில், இது சிலேடையை மொழிபெயர்ப்பது பற்றிய கதை என்று புரிந்தது. அதில் பாதி இந்தக் கொச்சியிலேயே நடந்திருக்கிறது.

விஷயம் இதுதான். மத்தேயு நற்செய்தியில் சீமோன் என்ற மீனவருக்கு இயேசு 'பாறை' என்று பெயர் வைத்து, அந்தப் பாறையின் மேல்தான் தன் சபையைக் கட்டப்போவதாகச் சொல்கிறார். இயேசு பேசிய அரமேயத்தில் பாறைக்குக் 'கேபா' என்று பெயர். ஆளும் கேபா, அஸ்திவாரமும் கேபா. வாக்கியமே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. கிரேக்கத்தில் எழுதியபோதே சின்னச் சிக்கல் வந்துவிட்டது. பாறைக்கு உள்ள 'பெத்ரா' பெண்பால் சொல். ஆணுக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது என்பதால் 'பெத்ரோஸ்' ஆக்கினார்கள். ஆனாலும் சிலேடை காதில் கேட்கிறது. லத்தீனில் கேட்கிறது, போர்த்துகீசியத்தில் 'பேத்ரோ', 'பேத்ரா' என்று கேட்கிறது. பிரெஞ்சில் ஆளும் கல்லும் ஒரே சொல்லே.

இப்போது கொச்சிக்கு வாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரே நகரத்தில் மூன்று வகைக் காதுகள் இருந்தன. மலங்கரை நஸ்ரானிகளின் வழிபாட்டு மொழி சுரியானி. அது அரமேயத்தின் கிளை. அவர்களுடைய கத்தனார் அந்த வசனத்தைப் படித்தால் கேபா, கேபா என்று முழுச் சிலேடையும் கிடைக்கும். போர்த்துகீசியப் பாதிரியாருக்கு ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கும். தமிழோ மலையாளமோ மட்டும் தெரிந்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது. 'பேத்ரோ' என்பது அவருக்கு வெறும் வெளிநாட்டுப் பெயர்.

தமிழ் எழுத்தில் அச்சில் வந்த முதல் புத்தகங்கள் இந்தக் கடற்கரையில் பிறந்தவைதான். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியாணி வணக்கம்'. இரண்டும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் முயற்சி. கொல்லத்துப் புத்தகத்தில் அவருக்கு உதவிய பாதிரியாரின் பெயர் மனுவேல் தெ சான் பேத்ரோ. (பாருங்கள், அவர் பெயரிலேயே கல்!) அந்தக் காலத்து முறை போர்த்துகீசியச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போடுவது. 1606-இல் மதுரைக்குப் போன ராபர்ட் தெ நோபிலி அதை மாற்றினார். வெளிநாட்டுச் சொல்லை விட்டுவிட்டு, அதன் அர்த்தத்தை இந்தியச் சொல்லில் சொல்வது அவர் வழி. தனக்கே 'தத்துவபோதகர்' என்று பெயர் வைத்துக்கொண்டவர் அல்லவா!

அந்த வழியில் வந்தவைதான் நம் ஊர்ப் பெயர்கள். பவுல் என்றால் லத்தீனில் சின்னவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், அதனால் அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரீடம், அதனால் முடியப்பர். கான்ஸ்டன்சோ பெஸ்கி முதலில் தைரியநாதர் ஆனார், வீரமாமுனிவர் என்ற பெயர் பிறகு வந்தது.

இராயப்பர்? தெலுங்கில் 'ராயி' என்றால் கல். பெயருக்கு இப்படித்தான் விளக்கம் சொல்வது வழக்கம். நாயக்கர் ஆட்சி நடந்த மதுரையில் தெலுங்குச் சொல் வந்தது ஆச்சரியமும் இல்லை. ஆனால் என்ன ஆயிற்று? தமிழ்க் காதில் 'இராயர்' என்றால் ராஜா. கல்லப்பர் ராஜப்பர் ஆகிவிட்டார். பக்கத்திலேயே கல் என்றோ பாறை என்றோ வந்தாலும் இரண்டும் ஒட்டவில்லை. அர்த்தத்தை மொழிபெயர்த்தார்கள், ஆனால் சிலேடை வேலை செய்ய வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தில் அது வேலை செய்யவில்லை. சின்னப்பருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஏனென்றால் பவுல் என்ற பெயரை வைத்து விவிலியத்தில் யாரும் சிலேடை செய்யவில்லை. (அதனாலேயே அந்த மொழிபெயர்ப்பு அவசியமா என்பது வேறு கேள்வி.)

சிலேடையை விடவே முடியாத இடமும் உண்டு. ஆதியாகமத்தில் முதல் பெண்ணுக்குப் பெயர் வரும் இடம். எபிரேயத்தில் ஆண் 'ஈஷ்', பெண் 'இஷ்ஷா'. இவள் ஈஷிலிருந்து எடுக்கப்பட்டதால் இஷ்ஷா என்கிறது மூலம். (மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதப் பள்ளியில் இதை எபிரேயத்திலேயே படித்திருப்பார்கள், மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.) இங்கே 'ஆதலால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆணிலிருந்து எடுக்கப்பட்டதால் பெண் என்று எழுதினால், ஏன் 'ஆதலால்'? ஒலி போனதும் காரணமே போய்விடுகிறது.

பழைய தமிழ் புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கண்டுகொண்டு மனுஷன், மனுஷி என்று போட்டார்கள். மலையாளத்து சத்யவேதபுஸ்தகத்தில் நரன், நாரி. இரண்டு மொழிக்காரர்களும் எபிரேயச் சொல்லை விட்டுவிட்டுச் சிலேடையைத் தங்கள் மொழியில் புதிதாகச் செய்துகொண்டார்கள். எனக்கு மலையாளத்து ஜோடிதான் அழகாகப் படுகிறது. சேட்டனிடம் சொன்னேன், பெருமையாகச் சிரித்தார்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. அதுவரை எபிரேயத்தில் அவன் 'ஆதாம்', அதாவது மனிதன். அவள் வந்த பிறகுதான் முதல் முறையாக 'ஈஷ்' என்ற ஆண்பால் சொல் வருகிறது. தமிழில் முன்பே மனுஷன், இங்கேயும் மனுஷன் என்றால் அந்தத் திருப்பம் தெரியாது. 'ஆதலால்' தப்பிக்கத் திருப்பத்தைக் கொடுத்தார்கள். அது சரியான வியாபாரம் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் பேதுருவுக்கும் ஏன் அப்படிச் செய்யவில்லை? அந்த ஒரு வசனத்தில் 'பாறையன்' என்று போட்டால் சிலேடை பிரமாதமாக நிற்கும்தான். ஆனால் அவர் புதிய ஏற்பாட்டில் நூற்றைம்பது தடவைக்கு மேல் வருகிறார். மீன் பிடிக்கும்போதும், மறுதலித்து அழும்போதும் பாறையனா? தவிர உலகம் முழுக்க அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் இராயப்பர் போய்ப் பேதுரு வந்தார். ஒரு வசனத்துச் சிலேடைக்காக நூற்றைம்பது இடத்தில் பெயரை மாற்ற முடியாது. அங்கே அடிக்குறிப்புதான் நியாயம்.

மாறாக, பவுல் பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தைப் பாருங்கள். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவின் பெயருக்கே 'பயனுள்ளவன்' என்றுதான் அர்த்தம். முன்பு உனக்குப் பயனில்லாதவன், இப்போது நம் இருவருக்கும் பயனுள்ளவன் என்று பவுல் அதை வைத்து விளையாடுகிறார். இந்தப் பெயர் புதிய ஏற்பாட்டில் வருவதே இரண்டு இடத்தில்தான். ஒரு மனிதனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொல்லும் கடிதம், அந்தச் சின்னச் சிரிப்பில்தான் பிலேமோன் மனசு இளக வேண்டும். நம் பழைய பாணியில் அவனைப் 'பயனப்பன்' ஆக்கியிருக்கலாம். "பயனே இல்லாத பயனப்பன் இப்போதுதான் பெயருக்கேற்ற ஆள் ஆகியிருக்கிறான்" என்று எழுதினால் சிரிப்பும் வரும், கேட்கிற விஷயமும் போய்ச் சேரும். கடிதத்தின் கடைசியில், உன்னால் எனக்கும் ஒரு பயன் கிடைக்கட்டும் என்று பவுல் சொல்லும் கிரேக்க வினையும் அந்தப் பெயரின் வேர்தான். தமிழில் அங்கேயும் 'பயன்' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.